தோடியின் காந்தாரம்: 15 நிமிட உரைக்கான ஓட்டத் திட்டம்

உரைத் தலைப்பு: எழுதும் காந்தாரமும் ஒலிக்கும் காந்தாரமும். இடம் திருநெல்வேலி வளாக மண்டபம். கிடைத்திருப்பது 20 நிமிடம்: 15 பேச, 5 கேள்விக்கு. பேசுவது நான், கணினியும் ஒலியும் உங்கள் பொறுப்பு.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். 8ஆம் மேளமான அனுமத்தோடியில் சாதாரண காந்தாரத்தை ‘க’ என்று ஒரே எழுத்தால் எழுதுகிறோம். பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்திமத்தின் பக்கமும் அசைகிறது. அந்த அசைவின் வடிவம் முன்பின் வரும் சுரங்களுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. இதைக் காதால் கேட்டு நம்பியபிறகுதான் சபை கண்ணால் பார்க்கவேண்டும். முழுத் திட்டமும் இந்த ஒழுங்கின்மேல் நிற்கிறது.

காரணம் சபைதான். வருபவர்களில் பாதிப்பேர் சங்கீத ஆசிரியர்கள். திரையில் ‘க ம த நி’ என்று கண்டதும் தங்கள் பாடத்தை மனதுக்குள் பாடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஒலிபெருக்கியில் வருவது அவர்கள் காதில் விழாது. மற்றவர்களுக்குச் சுரம் வாசிக்கத் தெரியாது. அவர்கள் குறிப்பை விளங்க முயன்று கொண்டிருக்கும்போதே துண்டு முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புதுத் துண்டும் முதல் தடவை கறுப்புத் திரையில் ஒலிக்கட்டும். குறிப்போ வரைபோ இரண்டாம் தடவைக்குத்தான்.

நேரக் கணக்கு

ஒலித்துண்டுகள்:
ஒ1 – தோடி ஆலாபனை, ஆண் குரல், 20 விநாடி
ஒ2 – நீண்ட காந்தாரம், அதே குரல், 12 விநாடி, இரு தடவை
ஒ3 – இரண்டாம் காலத்தில் காந்தாரம், 8 விநாடி. பிறகு அரைவேகத்தில் 16 விநாடி
ஒ4 – நாதஸ்வரம், 25 விநாடி
முடிவில் ஒ1 மறுபடியும், 20 விநாடி

மொத்தம் 113 விநாடி. ஏழு தடவை ஒலிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் 2 விநாடி அமைதி என்றால் இன்னும் 28 விநாடி. அந்த அமைதியை நான் பேச்சால் நிரப்பமாட்டேன். நீங்களும் அவசரப்பட்டு ஸ்லைட்டை மாற்றவேண்டாம். பேச்சுக்கு 11 நிமிடம். எனது வேகம் நிமிடத்துக்கு 95 சொல் அளவு, அதனால் உரை 1,000 சொல்லைத் தாண்டாது. எல்லாம் சேர்ந்து 13 நிமிடம் 21 விநாடி. மிச்சம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் புதிதாக எதையும் சேர்க்கவேண்டாம்.

0:00 – கறுப்புத் திரை. வணக்கம்கூடச் சொல்லாமல் ஒ1. பிறகுதான் தலைப்பு, வணக்கம், கேள்வி.
1:15 – ஸ்லைட் 2: ஆரோகண அவரோகணம், சுரத்தானங்கள். தெரிந்தவர்களுக்கு இது அலுப்பு, தெரியாதவர்களுக்கு இதுவே போதும். இரண்டு நிமிடத்தில் கடக்கிறேன்.
3:15 – ஒ2, கறுப்புத் திரையில். ஸ்லைட் 3, சுரக்குறிப்பு. ஸ்லைட் 4, சுருதி வரைபு. அதோடு ஒ2 இரண்டாம் தடவை. பிறகு ஒ3 கறுப்புத் திரையில், ஸ்லைட் 5 உடன் அரைவேகத்தில். உரையின் உயிர் இங்கேதான். ஐந்தே கால் நிமிடம் இதற்குப் போகிறது.
8:30 – ஒ4, கறுப்புத் திரையில். ஸ்லைட் 6, 7: குரலும் நாதஸ்வரமும் பக்கம் பக்கமாக.
11:30 – முடிவு, ஸ்லைட் 8, கடைசியாக ஒ1.
13:30 – நிறுத்துகிறேன்.

ஒ3இல் கவனிக்க வேண்டியது: விளம்பத்தில் பலமுறை அசையும் காந்தாரம் இரண்டாம் காலத்தில் ஒரே அசைவாகச் சுருங்குகிறது. அரைவேகத்தில் கேட்கும்போது குரலில் ஒரு தகர ஒலி சேரும். அது கணினி நீட்டியதால் வருவது என்று போடுமுன்பே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் கேள்வி அதைப்பற்றியே வரும்.

சுரக்குறிப்பும் வரைபும்

ஒரு ஸ்லைட்டில் ஒரு ஆவர்த்தனத்துக்கு மேல் வேண்டாம். ஆதி தாளத்தின் 8 அட்சரத்தை இரண்டு வரியாகப் பிரியுங்கள்: லகு 4 மேலே, இரண்டு துருதமும் கீழே. சுரங்கள் 32 புள்ளி அளவுக்குக் குறையக்கூடாது. பேசப்போகும் ‘க’வுக்கு மட்டும் நிறம்.

தாரஸ்தாயி, மந்திரஸ்தாயிப் புள்ளிகள் வேறு கணினியில் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். சிலவேளை அடுத்த சுரத்தின்மேலே போய் உட்காரும். அப்படி நடந்தால் தாரஸ்தாயி ஸட்ஜம் மத்தியஸ்தாயியாக வாசிக்கப்படும். எனவே எல்லா ஸ்லைட்டையும் PDF ஆக்கி, கறுப்புப் பக்கங்களையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஐந்துகோட்டுக் குறிப்பு இந்த உரையில் இல்லை. தோடிக் காந்தாரத்தை அதில் எழுதினால் எங்கள் ‘க’ மறைப்பதைவிட அது அதிகம் மறைக்கும்.

Praat என்ற ஒலியாய்வு மென்பொருள் தரும் வரைபில் Hz எண்கள் சபைக்கு உதவாது. ஸட்ஜத்தை 0 ஆக வைத்து சென்ட் அளவுக்கு மாற்றுங்கள்: 1200 × log2(f / ஸ). 1 கட்டைக் குரலுக்கு ஸ ஏறக்குறைய 131 Hz. கிடைக்கோடுகள் மூன்று போதும்: ரி 100, க 300, ம 500. குரலின் சுருதிக் கோடு 300இல் தங்காமல் மேலும் கீழும் போவது அப்போது பின்வரிசைக்கும் தெரியும்.

நாதஸ்வர வரைபில் ஒரு பொறி இருக்கிறது. 2 கட்டையில் ஸ 294 Hz, ப 440, நி 523. சுருதி உச்சவரம்பு 500இல் இருந்தால் நிஷாதமும் அதற்கு மேலும் காணாமல் போகும், அல்லது ஒரு ஸ்தாயி கீழே விழும். வரம்பை 900க்கு உயர்த்துங்கள். தவில் சேராத இடமாகத் துண்டை எடுங்கள். தவிலடி விழும் இடங்களில் வரைபு சிதறும்.

ஒலி

துண்டுகளை இப்படி வெட்டுங்கள் (ஒ2க்கு):

```
ffmpeg -ss 00:03:12 -i thodi.wav -t 12 -af "loudnorm=I=-16,afade=t=in:d=0.05,afade=t=out:st=11.7:d=0.3" -ac 1 -ar 44100 o2.wav
```

எல்லாத் துண்டும் ஒரே உரப்பில் வரவேண்டும். இல்லாவிட்டால் குரலுக்குப் பிறகு நாதஸ்வரம் சபையைத் திடுக்கிட வைக்கும். `-ac 1` எதற்கென்றால், மண்டப மிக்ஸரில் ஒரு பக்க ஒலி மட்டும் போய்ச் சேரலாம்.

ஒலியை ஸ்லைட்டுக்குள் செருகவேண்டாம். VLCஇல் தனியாக, `--play-and-stop` உடன். அது இல்லாவிட்டால் ஒ2 முடிந்ததும் ஒ3 தானாகத் தொடங்கும்.

HDMI செருகியவுடன் ஒலியும் புரொஜெக்டருக்குப் போய்விடும், மிக்ஸருக்கு ஒன்றும் வராது. கேபிள் எல்லாம் செருகிய பிறகு ஒலி வெளியீட்டை ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றுங்கள். உறுமல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பட்டரி நிறைந்திருக்க வேண்டியது அதற்கும்தான், கரண்ட் போனாலும்தான். மின்விசிறிகள் ஓடும்போதே ஒலியைச் சோதியுங்கள், பின்வரிசையில் நின்று.

பிந்தினால்

8:30க்கு வரவேண்டிய இடத்துக்கு 9:15 ஆகியும் வராவிட்டால் விரலைக் காட்டுங்கள். ஸ்லைட் 7ஐ விடுகிறேன். 10:00ஐத் தாண்டினால் நாதஸ்வரப் பகுதியில் ஒ4 மட்டும், வரைபு இல்லாமல். கடைசி ஒ1ஐ எந்த நிலையிலும் வெட்டவேண்டாம். தொடக்கத்தில் கேட்ட அதே 20 விநாடி இப்போது வேறாகக் கேட்கிறதா என்பதுதான் எங்கள் பகுப்பாய்வுக்கான சோதனை.

கேள்வி நேரத்தில் 22 சுருதி கட்டாயம் வரும். நிலையான 22 இடங்களில் ஒன்றில் இந்தக் காந்தாரத்தைப் பொருத்துவதல்ல, அதன் அசைவை விவரிப்பதே எங்கள் வேலை என்று பதில் சொல்வேன். நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம்பிள்ளையின் தோடியையும் யாராவது எடுப்பார்கள். அவருடைய பதிவை நாங்கள் அளக்கவில்லை, ஆகவே அதைப்பற்றி முடிவு சொல்வதில்லை. அந்த 5 நிமிடமும் ஸ்லைட் 4 திரையில் நிற்கட்டும், VLCஇல் ஒ2 தெரிவாகி இருக்கட்டும்.