சிறுமூளையா, பேசல் கேங்லியாவா? நரம்பியல் பயிற்சித் தாள்

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு. நேரம் 30 நிமிடம், மதிப்பெண் 25. விடைகள் இறுதியில் உள்ளன.

வினாவைப் படித்த கையோடு நோயின் பெயரைத் தேடாதீர்கள். அந்த அசைவு எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்: சும்மா இருக்கும்போதா, எதையாவது எட்டும்போதா, கேட்காமலே தானாகவா? அடுத்து, எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடத்தைச் சரியாகச் சொல்லிப் பக்கத்தை மாற்றி எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

பகுதி அ: பொருத்துக (5 × 1)

வலப்பட்டியலில் ஒன்று மிஞ்சும்.

1. உட்கார்ந்தாலும் உடல் சாய்கிறது. கால்களை அகட்டி வைத்து நடக்கிறார்
2. ஒரு கையில் மட்டும், இலக்கை நெருங்க நெருங்கப் பெருகும் நடுக்கம்
3. முகத்திலும் விரல்களிலும் இடம் மாறி இடம் மாறி ஓடும் கோரியா, கூடவே குணமாற்றம்
4. ஒரு பக்கக் கையும் காலும் தூக்கி வீசப்படுகின்றன
5. மடியில் வைத்த கையில் நடுக்கம்; கையை நீட்டிப் பொருளை எடுக்கும்போது தணிகிறது

அ) காடேட் நியூக்ளியஸ்
ஆ) சப்ஸ்டான்ஷியா நைக்ரா
இ) சிறுமூளையின் வெர்மிஸ்
ஈ) எதிர்ப்பக்க சப்தலாமிக் நியூக்ளியஸ்
உ) அதே பக்கச் சிறுமூளை அரைக்கோளம்
ஊ) முதுகுத்தண்டின் பின்தூண்கள்

பகுதி ஆ: நோயாளிக் குறிப்புகள் (5 × 4)

6. வயது 46, ஆண். மருத்துவர் நீட்டிய விரலைத் தொட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொடச் சொல்கிறார். வலக்கை புறப்படும்போது அமைதியாகத்தான் இருக்கிறது. பாதி வழி தாண்டியதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. மூக்கின் அருகே வந்ததும் ஆட்டம் பெரிதாகி, விரல் கன்னத்தில் போய் இடிக்கிறது. உள்ளங்கையை வேகமாகத் திருப்பித் திருப்பித் தட்டச் சொன்னால் தாளம் சிதறுகிறது. இடக்கை இயல்பு. தசை வலிமை இரு பக்கமும் சமம். பழுது எங்கே?
அ) இடது சிறுமூளை அரைக்கோளம் ஆ) வலது சிறுமூளை அரைக்கோளம் இ) இடது சப்ஸ்டான்ஷியா நைக்ரா ஈ) வெர்மிஸ்

7. வயது 41, பெண். இரண்டு ஆண்டுகளாக எரிச்சலும் மறதியும். விரல்கள் பியானோ வாசிப்பதுபோல் அசைகின்றன. அந்த அசைவை மறைக்கத் தலைமுடியைக் கோதிக்கொள்கிறார். நாக்கை வெளியே நீட்டி வைத்திருக்க முடியவில்லை. மருத்துவரின் விரலைப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது. தந்தைக்கும் இதே தொல்லை இருந்தது. எம்ஆர்ஐயில் எந்த அமைப்பு சுருங்கியிருக்கும்?
அ) சப்தலாமிக் நியூக்ளியஸ் ஆ) டென்டேட் நியூக்ளியஸ் இ) காடேட் நியூக்ளியஸ் ஈ) தலாமஸ்

8. வயது 68, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர். காலையில் திடீரென்று இடது தோளிலிருந்து கை வீசியெறியப்படுகிறது, தூக்கத்தில் நின்றுவிடுகிறது. சர்க்கரை அளவு இயல்பு. பழுதான அமைப்பையும் பக்கத்தையும் எழுதுக.

9. வயது 55. பல ஆண்டுகளாக மது. நடை குடித்தவர் நடைபோலவே இருக்கிறது, குடிக்காத நாளிலும். குதிகாலை எதிர்க்கால் முழங்காலிலிருந்து கீழே ஓட்டச் சொன்னால் தடுமாறுகிறார். விரல்–மூக்குச் சோதனையில் குறை மிகச் சிறிது. சிறுமூளையின் எப்பகுதி?

10. வயது 60. முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் விழப்போகிறார். கண் திறந்திருந்தால் நிற்க முடிகிறது. பேச்சு தெளிவு, கண் துடிப்பு இல்லை. கால் பெருவிரலை மேலே அசைத்தோமா கீழே அசைத்தோமா என்று அவரால் சொல்ல இயலவில்லை. வைட்டமின் பி12 மிகக் குறைவு. தள்ளாட்டத்தின் இருப்பிடம் எது?

விடைகளும் விளக்கமும்

பகுதி அ: 1–இ, 2–உ, 3–அ, 4–ஈ, 5–ஆ. மிஞ்சுவது ஊ, அதற்கு 10-ஆம் வினாவில் வேலை இருக்கிறது.

6. விடை ஆ. பாதிப் பேர் 'இடது' என்று எழுதும் வினா இது. பெருமூளைப் பக்கவாதத்தில் பழகிய கை, எதிர்ப்பக்கத்தையே எழுதிவிடும். சிறுமூளையின் வழியைத் தொடர்ந்து பாருங்கள்: வலது அரைக்கோளம், வலது டென்டேட் நியூக்ளியஸ், வலது மேல் சிறுமூளைத் தண்டு, நடுமூளையில் பாதை கடந்து இடது தலாமஸுக்கும் இடது இயக்கப் புறணிக்கும் போகிறது. அங்கிருந்து இறங்கும் பாதை முகுளத்தில் மறுபடி கடந்து வலக்கைக்கு வருகிறது. இரண்டு முறை கடந்ததால் புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பிவிட்டோம்.

நடுக்கம் ஏன் இறுதியில் பெரிதாகிறது? கையை எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டிக் கணிப்பது சிறுமூளை. அந்தக் கணிப்பு இல்லாதபோது திருத்தம் தாமதமாக வருகிறது, வரும்போது அளவு மீறுகிறது. அதைத் திருத்த இன்னொன்று, அதையும் திருத்த மற்றொன்று. துல்லியம் அதிகம் தேவைப்படுவது இலக்கின் அருகில்தான். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று எழுதியவர்கள் 'நடுக்கம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டவர்கள். பார்க்கின்சன் நடுக்கம் ஓய்வில் வருவது, நொடிக்கு 4 முதல் 6 ஆட்டம்.

7. விடை இ. ஹண்டிங்டன் நோய், 1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் விவரித்தது. 4-ஆம் குரோமோசோமில் சிஏஜி தொடர் 40 அல்லது அதற்கு மேல் நீண்டால் நோய் வந்தே தீரும் என்று கொள்ளலாம். காடேட் சுருங்குவதால் பக்க வென்ட்ரிக்கிளின் முன்கொம்பு அகன்று தெரியும்.

அசைவு மிகையாவதற்கான காரணத்தை இங்கேயே பிடித்துக்கொண்டால் 8-ஆம் வினாவும் தீர்ந்துவிடும். ஸ்ட்ரையேட்டத்திலிருந்து வெளிப்புற குளோபஸ் பாலிடஸை அடக்கி வைக்கும் காபா நரம்பணுக்கள், அதாவது மறைமுகப் பாதையைச் சேர்ந்தவை, முதலில் அழிகின்றன. கட்டவிழ்ந்த வெளிப்புறப் பாலிடம் சப்தலாமிக் நியூக்ளியஸை அளவுக்கு மீறி அடக்குகிறது. சப்தலாமிக் ஓய்ந்தால் உட்புறப் பாலிடத்துக்குத் தூண்டல் குறைகிறது. தலாமஸின் மேல் இருந்த கடிவாளம் தளர்கிறது. வேண்டாத அசைவுகள் வெளியே வந்துவிடுகின்றன.

8. வலது சப்தலாமிக் நியூக்ளியஸ். பெரும்பாலும் சிறு ரத்தக்குழாய் அடைப்பு. மேலே சொன்ன சங்கிலியில் நடுக்கண்ணியே அறுந்த நிலை இது; அதனால்தான் கோரியாவும் இந்த வீச்சும் உறவுக்காரர்கள். பல நோயாளிகளில் வீச்சு தணிந்து கோரியாவாக மாறுவதும் உண்டு. பேசல் கேங்லியா அதே பக்கப் புறணியோடு பேசுகிறது, இறங்கும் பாதை ஒரே முறை கடக்கிறது, ஆகவே எதிர்ப்பக்கம். சர்க்கரை இயல்பு என்ற வரி வீணாக எழுதப்பட்டதல்ல: சர்க்கரை மிக உயர்ந்தாலும் ஒரு பக்கக் கோரியாவும் வீச்சும் வரும். அப்போது எம்ஆர்ஐயின் டி1 படத்தில் எதிர்ப்பக்கப் புட்டாமென் வெளுத்துத் தெரியும்.

9. முன்பகுதி வெர்மிஸ். அங்கே கால்களுக்கும் உடல் நடுவுக்குமான இடம் இருக்கிறது. கைகள் தப்புவது அதனால். 'சிறுமூளை' என்று மட்டும் எழுதியவர்களுக்கு 1 மதிப்பெண்.

10. முதுகுத்தண்டின் பின்தூண்கள். அட்டாக்சியா என்றதும் சிறுமூளைக்கு ஓடுபவர்களுக்காக வைத்த வினா. மூட்டு எங்கே இருக்கிறது என்ற செய்தி மேலே போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது, கண்ணை மூடியதும் அதுவும் போயிற்று. இதுதான் ராம்பெர்க் நேர்மறை. வெர்மிஸ் பழுதானவர் கண்ணைத் திறந்துகொண்டே ஆடுவார், மூடினால் பெரிதாக எதுவும் மாறாது. பேச்சுத் தெளிவும் கண் துடிப்பு இல்லாததும் துணைச் சான்றுகள். பெருவிரல் சோதனையை மேற்கோள் காட்டி 'பின்தூண்' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். 'பி12 குறைவு' என்று மட்டும் எழுதியிருந்தால் 2. கேட்டது இடம், காரணம் அல்ல.