ஜெனரேட்டர் இடமாற்றமும் டீசல் சேமிப்பும்: குடியிருப்போர் கவனத்திற்கு

நாள்: 14.06.2025
பாகலூர் சாலை, ஓசூர்

அனைத்து பிளாக் குடியிருப்போருக்கும் வணக்கம்.

போன மாதம் இடிமழையில் மின்சாரம் போன இரவு, நம் 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஐந்து மணி நேரம் ஓடியது. ஏ பிளாக் முதல் மாடியில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிய ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் விடியற்காலையில் தலைவலி, வாந்தி. புகைக்குழாய் அவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, பார்க்கிங்குக்குள்ளேயே முடிகிறது. இருவரும் இப்போது நலம். இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் விட்டது கமிட்டியின் தவறு, மன்னிக்கவும்.

டீசல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஜெனரேட்டரைத் தென்மேற்கு மதில் மூலையில், திறந்தவெளியில் போட்ட கான்கிரீட் மேடைக்கு மாற்றுகிறோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, புகைக்குழாய் கட்டட உயரத்துக்கு மேல் இன்னும் 1.6 மீட்டர் போக வேண்டும், அப்படியே அமைக்கிறோம். மழைக்கென்று யாரும் ஜெனரேட்டர்மேல் தார்ப்பாய் போட வேண்டாம். காற்று போகும் வழி அடைபட்டால் இன்ஜின் சூடேறிவிடும்.

சொந்தமாகச் சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பால்கனியிலோ படிக்கட்டு அடியிலோ ஓட்டக் கூடாது. பிளக் சாக்கெட் வழியாக வீட்டு ஒயரிங்கில் இணைப்பதும் கூடாது. அந்த மின்சாரம் மீட்டர் தாண்டிக் கம்பத்துக்குப் போனால், லைன் பார்க்க ஏறிய மின்வாரிய ஊழியரின் உயிர் போகும்.

இனி டீசல். 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கச் சட்டம் இடம் தருகிறது என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அது சரிதான். ஆனால் 48 குடும்பங்கள் வாழும் இடத்தில் அவ்வளவு எதற்கு? நமக்கு மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் செலவாகிறது. ஒரு 200 லிட்டர் பேரல் ஓர் இரவுக்குத் தாராளம். அதற்கு மேல் வாங்க மாட்டோம். ஜெனரேட்டரிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள பூட்டிய ஷெட்டில், கசிந்தால் முழுதும் தேங்கும்படி 220 லிட்டர் கொள்ளும் தொட்டிக்குள் பேரல் இருக்கும். சம்புக்கும் போர்வெல்லுக்கும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

மீட்டர் அறையில் ஐந்து தண்ணீர் கேன்களில் டீசல் இருந்தது. ஷார்ட் சர்க்யூட் ஆகக்கூடிய அறையில் எரிபொருள்! உரியவர்கள் நாளைக்குள் எடுத்துவிடுங்கள். டீசல் நிரப்புவது வாட்ச்மேன் மட்டுமே, அதுவும் இன்ஜினை நிறுத்தி ஆறவிட்ட பிறகு. அப்போது பக்கத்தில் பீடி, சிகரெட், கற்பூரம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். டீசல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். ஷெட் வாசலில் மணல் வாளிகளும் பவுடர் தீயணைப்பானும் இருக்கும். தீ பெரிதானால் விலகி ஓடி 101-ஐ அழையுங்கள். புகையில் யாருக்காவது மயக்கம் வந்தால், முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஜூன் 22, ஞாயிறு காலை 9 மணிக்கு கிரேன் வருகிறது. தென்மேற்கு மூலையில் நிற்கும் பைக், கார்களை சனிக்கிழமை இரவே எடுத்துவிடவும். ஞாயிறு மதியம் வரை பவர் பேக்கப் இருக்காது.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்