ஆலையில் நிரந்தர ஷிப்டு மாற்றம்

செம்பனை ஆலைத் தொழிலாளர்களுக்கு வணக்கம்.

6 ஏப்ரல் 2026, திங்கட்கிழமை முதல் இரண்டு ஷிப்டுக்குப் பதில் நிரந்தரமாக மூன்று ஷிப்டு: காலை 7 முதல் 3, மாலை 3 முதல் 11, இரவு 11 முதல் 7. இடையில் அரை மணி நேரம் ஓய்வு.

வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதைவிட முக்கியம், பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவர் போய்லர் பக்கம் நிற்பது உயிருக்கே ஆபத்து. சட்டமும் 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. ஓவர்டைம் குறைவது பல வீடுகளுக்குச் சுமை என்று தெரியும். அடிப்படைச் சம்பளம் குறையாது.

கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் கடிதம் உள்ளவர்களுக்கும் இரவு ஷிப்டு கிடையாது. ஆபீஸ், ஒர்க்‌ஷாப் நேரம் பழையபடியே.

சிரமம் இருந்தால் மார்ச் 27க்குள் பெரிய கிராணியிடம் சொல்லுங்கள். வாய்மொழியே போதும், சங்கப் பிரதிநிதியையும் அழைத்து வரலாம். ஒரு வாரத்தில் நானே பதில் தருவேன்.

ஆலை மேலாளர்