சுங்கை சிப்புட்டிலிருந்து விடைபெறுகிறேன்

வணக்கம் ஆசிரியை அவர்களே, வணக்கம் நண்பர்களே.

வரும் சனிக்கிழமை காலையில் எங்கள் குடும்பம் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்குக்குக் குடிபெயர்கிறது. பள்ளி மாற்றத்துக்கான கடிதம் இன்று கைக்குக் கிடைத்துவிட்டதால், இனி இது உறுதி. அடுத்த ஆண்டு ஐந்தாம் படிவத்தை நான் அங்கேதான் தொடங்குவேன். பள்ளி விடுமுறையில் நம்மில் பலர் வெளியூர் சென்றிருப்பதால், எல்லாரையும் நேரில் பார்த்து விடைபெற வாய்ப்பில்லை. ஆகவே நம் வகுப்புப் புலனக் குழுவிலேயே எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்துச் செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். பாசிர் கூடாங்கில் துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் அவருக்கு அதே வேலை, இதைவிட நல்ல சம்பளத்தில் கிடைத்திருக்கிறது. ஆலை வேலையை விட்டால் லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், எஸ்.பி.எம். முடியும்வரை நானும் அம்மாவும் மட்டும் இங்கே தங்கிவிடலாம் என்ற யோசனை நடக்காமல் போயிற்று. அப்பாவுக்கு இது பல ஆண்டுக் காத்திருப்பின் பலன். அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். உங்களைப் பிரிவதுதான் கடினமாக இருக்கிறது.

உங்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்ல வேண்டிய நன்றி, தமிழ் இலக்கிய வகுப்பைப் பற்றியது. அந்த வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கும். தோட்டத்துப் பேருந்தோ பள்ளி மணி அடித்த சிறிது நேரத்தில் புறப்பட்டுவிடும். பேருந்தை விட்டுவிட்டால் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்குள் போக வேறு வழி கிடையாது. இந்த ஒரே காரணத்தால், தோட்டத்திலிருந்து வருகிற நாங்கள் மூவரும் இலக்கியப் பாடத்தைக் கைவிட்டுவிடலாம் என்று நான்காம் படிவத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். அதைக் கேள்விப்பட்ட முகிலன், யாரிடமும் பெரிதாகப் பேசாமல், தன் அப்பாவிடம் சொல்லி வேனை ஏற்பாடு செய்தான். பிறகு கவிதாவின் அம்மாவும் முறை வைத்து வந்தார். மழை நாளில் செம்மண் பாதை சகதியாகி, வேன் தோட்டத்து முகப்போடு நின்றுவிட்ட நாள்களில்கூட, எங்கள் வீட்டிலிருந்து யாராவது குடையோடு வந்து அழைத்துப் போகும்வரை அவர்கள் எங்களைத் தனியே விட்டுச் சென்றதில்லை. எண்ணெய்க்கு என்று அப்பா கொடுத்தனுப்பிய பணத்தை அவர்கள் ஒரு முறையும் வாங்கவில்லை. நான் இன்று ஒரு செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் சொல்கிறேன் என்றால், அந்த வேனும் அதற்கு ஒரு காரணம். முகிலன், கவிதா, உங்கள் இருவரின் பெற்றோரையும் வெள்ளிக்கிழமை மாலையில் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், நானும் வருவேன்.

அடுத்தது நாம் வரலாற்றுக் கழகத்துக்காகச் செய்த பதிவுகள். அவசரகாலம் பற்றிய பாடத்தில் நம் ஊரின் பெயர் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் காலத்தில் கித்தாக் காட்டில் பால் வெட்டியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டவள் நம் தேவி. அந்தக் கேள்வியிலிருந்துதான் நாம் முதியவர்களின் வீடுகளுக்குக் கைப்பேசியோடு போகத் தொடங்கினோம். தங்கள் பெற்றோரிடம் கேட்டவற்றையும் சிறுவயதில் தாங்களே கண்டவற்றையும் அவர்கள் தயங்காமல் சொன்னார்கள்; முள்வேலி, அரிசிக் கட்டுப்பாடு, விடியுமுன் நடந்த பிரட்டு, பால் வாளி சுமந்த தோள் என்று எத்தனை செய்திகள் வந்தன! பாடநூலில் ஒரு பத்தியாக இருப்பது நம் லயங்களில் பல குடும்பங்களின் வாழ்க்கையாக இருந்திருக்கிறது. ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் வகுப்பின் கூகுள் டிரைவில், பேசியவர் பெயர், தோட்டம், பதிவு செய்த நாள் ஆகிய விவரங்களுடன் அடுக்கி வைத்திருக்கிறேன். பாதிக்கும் மேற்பட்டவற்றை இன்னும் எழுத்தில் பெயர்க்கவில்லை. அந்தப் பணியில் எனக்குரிய பங்கை நான் பாசிர் கூடாங்கிலிருந்தும் செய்வேன். யார் எந்தப் பதிவை எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் தேவி பிரித்துக் கொடுக்கட்டும்.

வகுப்பு நிதியில் மீதமுள்ள 64 வெள்ளியையும் கணக்குப் புத்தகத்தையும் நேற்று ஹரிணியிடம் ஒப்படைத்துவிட்டேன். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்கள் திரும்பிவிட்டன. என் இலக்கியக் குறிப்பேட்டின் நகல் ஆசிரியை அவர்களிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசிரியை அவர்களே, கட்டுரையில் நான் அடைமொழிகளை அடுக்கும்போதெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் "நீ கண்டதை எழுது" என்று குறிப்பீர்கள். என் எழுத்து அதனால்தான் திருந்தியது. உங்களுக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

புதிய பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று பலர் கேட்டீர்கள். தமிழ்மொழி இருக்கிறது, இலக்கியத்துக்கு இதுவரை வகுப்பு இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தேசியப் பள்ளிகளில் தமிழ்மொழி கற்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்த விதி மொழிப் பாடத்துக்கு உரியது. இலக்கியத்தைத் தனியாகவாவது எழுத அனுமதி கேட்டு, அப்பா பள்ளி முதல்வருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அனுமதி கிடைத்தால் நானே படித்து எழுதுவேன். அப்போது உங்கள் உதவி எனக்கு மிகவும் தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நீங்கள் இணையம் வழி கூடிப் படிக்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் போன பிறகும் அந்த வேன் ஓட வேண்டும். எங்களோடு வந்த இருவரும் இலக்கியம் தொடர்கிறார்கள். மூன்றாம் படிவம் முடித்த இன்னும் இரண்டு பிள்ளைகள், அடுத்த ஆண்டு இலக்கியம் எடுக்க ஆசைப்பட்டும், எங்கள் லயத்திலேயே தயங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்துக்கும் பேருந்துதான் காரணம். நேற்று மாலை அவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசினேன். பாடத்தைவிட, யார் கூட்டிவந்து விடுவார்கள் என்பதையே பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பள்ளி திறந்ததும் நீங்களே அவர்களைத் தேடிச் சென்று அழையுங்கள். எண்ணெய்ச் செலவை எல்லாரும் பகிர்ந்துகொண்டால் ஒரே குடும்பத்தின்மேல் சுமை விழாது. ஆசிரியை அவர்கள் ஒப்புக்கொண்டால், மாதந்தோறும் நானும் என் பங்கை அனுப்புகிறேன்.

ஈப்போவைக் கடந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போகிறேன். பெரியப்பா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். பொங்கலுக்கு இயலாவிட்டாலும் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வந்துவிடுவேன். என் எண் மாறாது. இந்தக் குழுவிலிருந்தும் நான் வெளியேறப் போவதில்லை. லாரியில் சாமான் ஏற்றும் வேலை சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. ஊரில் இருப்பவர்கள் அதற்கு முன்பே பசியாற வீட்டுக்கு வாருங்கள். அம்மா எல்லாருக்கும் சேர்த்தே தோசை மாவு அரைக்கிறார். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
யாழினி