இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையின் இரவு ஜெபங்கள்

படுக்கும்போது

அன்பான இயேசப்பா, இன்றைக்கு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. அம்மா லைட்டை அணைத்ததும் பீரோ பக்கம் யாரோ நிற்கிற மாதிரி தெரிகிறது. அது கொடியில் தொங்கும் அப்பாவின் சட்டைதான். ஆனாலும் பயமாக இருக்கிறது, இயேசப்பா. உமக்கு இருட்டும் வெளிச்சம் மாதிரிதானே? என்னை நன்றாகத் தெரிகிறதுதானே? சிங்கக் கெபியில் தானியேலைக் காத்தது போல என்னையும் காத்துக்கொள்ளும். அம்மா, அப்பா, பாப்பா, ஊரில் இருக்கும் ஆச்சி, எல்லோரையும் காத்துக்கொள்ளும். ஆமென்.

நடுராத்திரி விழித்தால்

இயேசப்பா, கரண்ட் போய்விட்டது. எல்லோரும் தூங்குகிறார்கள். நீர் மட்டும் தூங்கவே மாட்டீர். என் பக்கத்திலேயே இரும். அம்மாவைக் கூப்பிடத் தைரியம் தாரும். ஆமென்.

கெட்ட கனவு கண்டால்

இயேசப்பா, அந்தக் கனவை எடுத்துப்போடும். நல்ல தூக்கம் தாரும். ஆமென்.