எல்லை விடையை மதிப்பு அட்டவணையால் சரிபார்க்கும் முறை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். x ஆனது 2-ஐ நெருங்கும்போது (x³ − 8)/(x² − 4) என்பதன் எல்லை என்ன என்ற கணக்குக்கு நேற்றிரவு இங்கே இரண்டு விடைகள் வந்தன. காரணிப்படுத்திச் செய்தவர்களுக்கு 3 கிடைத்தது. கால்குலேட்டரில் அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்கு எண்கள் 2-ஐ நோக்கிச் சென்றன. அதனால், அட்டவணையை நம்ப முடியாதா என்ற கேள்வி எழுந்தது. அட்டவணையை நம்பலாம். ஆனால் அதைச் சரியாக அமைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு அதை விளக்குகிறேன்.

முதலில், இந்தச் சார்புக்குச் சரியான அட்டவணை இதுதான்:

```
x        f(x)
1.9      2.925641
1.99     2.992506
1.999    2.999250
2.001    3.000750
2.01     3.007506
2.1      3.075610
```

2-க்கு இடப்புறம் மூன்று மதிப்புகளும் வலப்புறம் மூன்று மதிப்புகளும் எடுத்திருக்கிறேன். x = 2 என்பதைச் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் தொகுதியும் பகுதியும் பூச்சியமாகி, 0/0 என்ற தேரப்பெறாத வடிவம் வருகிறது. எல்லை என்பதும் x = 2-இல் சார்பின் மதிப்பு என்ன என்பதைப் பற்றியது அன்று; 2-ஐ நெருங்க நெருங்க மதிப்பு எங்கே செல்கிறது என்பதைப் பற்றியது. இடப்புற மதிப்புகள் கீழிருந்தும் வலப்புற மதிப்புகள் மேலிருந்தும் 3-ஐ நெருங்குவதால் விடை 3 என்பதுடன் அட்டவணை ஒத்துப்போகிறது.

எண்கள் 3-க்கு அருகில் இருக்கின்றன என்பதோடு நிறுத்திவிடாமல், 3-இலிருந்து அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும் கழித்துப் பாருங்கள். வலப்புறத்தில் அந்த விலகல் 0.0756, 0.0075, 0.00075 என்று ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. X-க்கும் 2-க்கும் உள்ள தொலைவும் அதே வேகத்தில்தான் குறைகிறது. உண்மையான விடை 3.002 ஆக இருந்திருந்தால், மதிப்புகள் 3.002-ஐ நெருங்கியதும் அங்கேயே தங்கியிருக்கும். 3-ஐக் கழித்துக் கிடைக்கும் விலகலும் 0.002-க்கு அருகில் நின்றிருக்கும். ஆகவே விடையைச் சோதிப்பதில் மதிப்புகளைவிட விலகல்களே அதிக உதவி செய்கின்றன.

இனி, அந்த 2 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அனுப்பப்பட்ட படத்தில் தட்டச்சு செய்திருந்தது x^3-8/x^2-4 என்பது. அடைப்புக்குறிகள் இல்லாததால் கால்குலேட்டர் 8-ஐ மட்டும் x²-ஆல் வகுத்து, x³-இலிருந்து அதையும் 4-ஐயும் கழித்துவிட்டது. அந்தக் கோவைக்கு x = 1.999-இல் 1.986004-உம் x = 2.001-இல் 2.014005-உம் கிடைக்கும். இருபுறமும் அழகாக 2-ஐ நெருங்குவதால் சந்தேகமே வராது. ஆனால் அது வேறொரு சார்பின் அட்டவணை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தொடங்கும் முன் x = 2 என்று ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். நம் சார்புக்குக் கால்குலேட்டர் பிழை காட்டியாக வேண்டும். எண் ஏதேனும் வந்தால், கோவையைத் தவறாக உள்ளிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். விரிதாளில் செய்பவர்கள் A2 கட்டத்தில் x-இன் மதிப்பை வைத்து, அடுத்த கட்டத்தில் இதைத் தட்டச்சு செய்து கீழே இழுத்தால் போதும்:

```
=(A2^3-8)/(A2^2-4)
```

இன்னொன்றையும் கவனியுங்கள். காரணிப்படுத்திச் சுருக்கியபின் கிடைத்த (x² + 2x + 4)/(x + 2) என்பதற்கு அட்டவணை போடாதீர்கள். சுருக்கியதில் தவறு நேர்ந்திருந்தால், அதே தவறு அட்டவணையிலும் புகுந்து தவறான விடையைச் சரியென்று காட்டிவிடும். வினாவில் உள்ள கோவையைத்தான் உள்ளிட வேண்டும்.

ஒருபுறம் மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு |x − 3|/(x − 3) போதுமான சான்று. 3.1, 3.01 எல்லாவற்றிலும் 1 வரும், 2.9, 2.99 எல்லாவற்றிலும் −1 வரும். இருபுற எல்லைகளும் வேறுபடுவதால் எல்லை இல்லை.

முக்கோணவியல் சார்புகளுக்குக் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். x ஆனது 0-ஐ நெருங்கும்போது sin x / x-இன் எல்லை 1; ரேடியனில் x = 0.1 எனில் 0.998334 வரும். பாகையில் விட்டுவிட்டால் ஒவ்வொரு வரியிலும் 0.01745 என்றே வரும். அது π/180-இன் மதிப்பு. அந்த எண்ணை எங்கே கண்டாலும் உடனே அமைப்பை மாற்றுங்கள்.

மிகச் சிறிய x-ஐ எடுத்தால் விடை இன்னும் துல்லியமாகும் என்று எண்ணத் தோன்றும். (√(x² + 9) − 3)/x² என்பதற்கு 0-இல் எல்லை 1/6, அதாவது 0.166667. x = 0.1 எனில் 0.166620 கிடைக்கிறது; x = 0.01 எனில் 0.166666 கிடைக்கிறது. ஆனால் x = 0.00000001 என்று விரிதாளில் கொடுத்தால் 0 வருகிறது. 9-உடன் கூட்டப்படும் 10⁻¹⁶ என்பது, கணினி வைத்துக்கொள்ளும் இலக்கங்களுக்கு அப்பால் போய்விடுவதே காரணம். எனவே 0.1, 0.01, 0.001 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மதிப்புகள் ஒழுங்காக நெருங்கி வந்து திடீரெனத் தாவினால், அந்தத் தாவலை எல்லையாகக் கொள்ள வேண்டாம்.

அட்டவணையால் எல்லையை நிறுவ முடியாது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, 0-ஐ நெருங்கும்போது sin(π/x). x = 0.1, 0.01, 0.001 என்று எடுத்தால் மூன்றிலும் சரியாக 0 வரும். எல்லை 0 என்று எழுதிவிடத் தோன்றும். அதற்குப் பதிலாக 0.3, 0.03, 0.003 என்று எடுத்தால் மூன்றிலும் −0.866025 வரும். உண்மையில் இச்சார்பு −1-க்கும் 1-க்கும் இடையே முடிவின்றி அலைவதால் எல்லையே இல்லை. கோவையில் π/x, 1/x போன்றவை சைனுக்குள்ளோ கோசைனுக்குள்ளோ இருந்தால், பத்தின் அடுக்குகளை மட்டும் நம்பாமல் வேறொரு வரிசையையும் எடுத்துப் பார்ப்பது அவசியம். இந்தக் காரணத்தால்தான் விடைத்தாளில் இயற்கணித வழியை முழுமையாக எழுத வேண்டும். அட்டவணை நம் சரிபார்ப்புக்கு மட்டுமே.

தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாதபோதும் ஒரே ஒரு மதிப்பைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நேற்றைய கணக்கில் x = 2.1 எனில் தொகுதி 9.261 − 8 = 1.261, பகுதி 4.41 − 4 = 0.41. வகுத்தால் ஏறத்தாழ 3.08. விடை 3-ஆ, 2-ஆ என்ற குழப்பம் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

நாளைய பயிற்சிக்கு, x ஆனது 0-ஐ நெருங்கும்போது (√(x + 4) − 2)/x என்பதன் எல்லையை இணைக் காரணியால் பெருக்கிக் காணுங்கள். கிடைக்கும் பின்னத்தை முதலில் தசமமாக மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு இருபுறமும் மும்மூன்று மதிப்புகளுடன் அட்டவணையையும் விலகல்களையும் இங்கே அனுப்புங்கள். தட்டச்சு செய்த கோவை தெரியும்படி படம் எடுத்தால், எங்கேனும் அடைப்புக்குறி விடுபட்டிருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல எளிதாக இருக்கும்.