வாக்காளர் பட்டியலில் என் விவரங்களைத் திருத்தவும் தம்பியின் பெயரைச் சேர்க்கவும் விண்ணப்பம்

அனுப்புநர்:
லெட்சுமி த/பெ முனியாண்டி,
எண் 27, லோரோங் 4, மலிவு வீடமைப்புப் பகுதி,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாநிலத் தேர்தல் அதிகாரி,
பேராக் மாநிலத் தேர்தல் அலுவலகம், ஈப்போ.

12 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதத்தோடு மலாயில் ஒரு கடிதமும் இருக்கும். அதை என் மகள் எழுதினாள். அதில் கேட்பது மட்டும்தான் இருக்கிறது, ஏன் கேட்கிறோம் என்பது இல்லை. எனக்குத் தமிழில் சொன்னால்தான் விஷயம் சரியாக வரும். அதனால் இதையும் சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்று நம்புகிறேன்.

கேட்பது இரண்டு. என் பெயரின் எழுத்தையும் முகவரியையும் திருத்த வேண்டும். என் தம்பி சுப்பிரமணியத்தின் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

முதலில் என்னுடையது. நான் 1960இல் பாகான் செராய் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அங்கேயே பால்மரம் சீவினேன், பிறகு மரத்தை வெட்டிச் செம்பனை போட்டதும் பழம் பொறுக்கினேன். ஓட்டுக்குப் பதிந்ததும் அங்கேதான். அப்போதெல்லாம் தானாகப் பதிவது கிடையாது, பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கிராணி எங்கள் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அவர் காதில் விழுந்தபடி எழுதினார் போலிருக்கிறது. என் அடையாளக் கார்டில் LETCHUMY என்று இருக்கிறது, பட்டியலில் LECHUMI என்று நிற்கிறது.

2011இல் லயத்தை இடித்தார்கள். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வந்தோம். வந்த மறு வருடமே பதிவிலாகாவுக்குப் போய்க் கார்டில் முகவரியை மாற்றிவிட்டேன். கார்டு மாறினால் ஓட்டும் கூடவே வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் லோரோங்கில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பதிந்தவர்கள் முகவரி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது 2022இல்தான். மகள் கைப்பேசியில் mysprsemak.spr.gov.my என்று அடித்து என் ஐசி எண்ணைப் போட்டாள். பாகான் செராய் என்று வந்தது.

அந்த நவம்பர் 19ஆம் தேதி, சனிக்கிழமை, அண்ணன் மகன் காரில் அழைத்துப் போனான். விடிவதற்கு முன்பே கிளம்பி நெடுஞ்சாலையில் தைப்பிங்கைத் தாண்டிப் போனோம். டோல், பெட்ரோல், வழியில் எல்லோருக்கும் நாசி லெமாக் என்று அவனுக்கு நல்ல செலவு. வாக்குச்சாவடியில் ஊழியர் என் பெயரை உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கார்டைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார், ஐசி எண்ணின் மேல் விரலை ஓட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எண் ஒன்றாக இருந்ததால் இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்து உள்ளே விட்டார். அவர் சரிபார்த்ததில் தவறில்லை. ஆனால் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டு, சட்டமன்றத்துக்கு ஒரு சீட்டு, இரண்டையும் போட்டேன். யார் ஜெயித்தாலும் அவர் எங்கள் லோரோங்குக்கு வரப் போவதில்லை, அது அவருடைய தொகுதியே அல்ல. இங்கே வடிகால் அடைத்து, மழை பெய்தால் வாசல் படி வரை தண்ணீர் ஏறுகிறது. மனு எழுதிக்கொண்டு போனால், “அம்மா, நீங்கள் இந்தத் தொகுதியா?” என்று முதலில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இப்போது நான் பாரம் ஏ நிரப்பி வைத்திருக்கிறேன். கார்டின் முன்புறம் பின்புறம் இரண்டையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். கார்டில் இருக்கிற முகவரியும் இந்தக் கடிதத்தில் இருக்கிற முகவரியும் ஒன்றுதான். பெயரையும் கார்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போட்டுக் கொடுங்கள். MySPR Daftar வழியாகக் கணினியிலும் செய்யலாம் என்று மகள் சொன்னாள். முகம் காட்டு, கார்டைக் காட்டு என்று அது கேட்டபோது என் கண்ணாடி மின்னிக்கொண்டே இருந்தது, நாலு தடவைக்குப் பிறகு விட்டுவிட்டோம்.

அப்புறம் தம்பி விஷயம். இதுதான் முக்கியம்.

அவன் 1963இல் பிறந்தான், அதே லயத்தில், அதே மருத்துவச்சி கையில். மூன்று வருட வித்தியாசம்தான். நான் பிறந்தபோது இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்றிருந்தது. 1962க்குப் பிறகு சட்டம் மாறி, தாய் தகப்பனின் பத்திரங்களைக் கேட்டார்கள். எங்கள் அப்பாவின் தாள்களைக் கரையான் தின்றது பாதி, வெள்ளத்தில் போனது பாதி. தம்பிக்குச் சிவப்பு ஐசிதான் கிடைத்தது. அறுபது வயது வரை அதை வைத்துக்கொண்டே மரம் சீவினான், லாரி கழுவினான், இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறான். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களைச் சாவடி வரை கொண்டு வந்து விட்டுவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான்.

சென்ற வருடம் மே மாதம் அவனுக்குக் குடியுரிமை கிடைத்து நீலக் கார்டு கைக்கு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான், வேலைக்குப் போகும்போது மட்டும் எடுப்பான்.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதான குடிமக்கள் தானாகவே பட்டியலில் சேர்கிறார்கள் என்பதால், அவனும் சேர்ந்திருப்பான் என்று சும்மா இருந்துவிட்டோம். மாதாமாதம் துணைப் பட்டியல் வருகிறதே, ஏதாவது ஒன்றில் வந்துவிடும் என்று ஆறேழு மாதம் பார்த்தோம். மகள் இணையத்தில் ஐசி எண்ணைப் போட்டால் அவனைப் பற்றி ஒன்றுமே வருவதில்லை. பதினெட்டு வயது பையன்களைப் பிடிக்கிற வலையில் அறுபது வயதில் குடிமகனான ஆள் நழுவிப் போனானோ என்னவோ. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பெயர் விடுபட்டவர்கள் கோரிக்கை கொடுக்கிற பாரம் பி-யை அவனே நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இப்போது பார்வைக்கு வைத்திருக்கும் பட்டியலோடு எடுத்துக்கொள்ள முடியும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். காலம் தவறிவிட்டது என்றால் அடுத்த பட்டியலுக்கு வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு வரி தெரிவியுங்கள். விசாரணைக்கு நேரில் வரச் சொன்னால் அவனும் வருவான், நானும் வருவேன். காலையில் எட்டு மணிக்குத்தான் அவன் வேலை முடிந்து வருகிறான், அதனால் பத்து மணிக்குமேல் நேரம் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

அவனும் என் வீட்டிலேயேதான் இருக்கிறான். கார்டில் முகவரி எண் 27, லோரோங் 4 என்றே இருக்கிறது. இருவருடைய ஐசி எண்களையும் நான் கையால் எழுதவில்லை. ஒரு எண் தவறிப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நகலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் மலாய்க் கடிதத்தில் இருக்கிறது. அது மகளுடையது, பகலில் அடித்தால் எடுப்பாள்.

இணைப்பு: என் அடையாளக் கார்டு நகல், பாரம் ஏ; தம்பியின் அடையாளக் கார்டு நகல், குடியுரிமைப் பத்திரத்தின் நகல், பாரம் பி; இந்த வீட்டின் தண்ணீர் பில்; மலாய்க் கடிதம்.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டு ஒரு பிரதியை இதைக் கொண்டுவரும் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
மு. லெட்சுமி

மேலே என்னைப் பற்றி எழுதியிருப்பது உண்மை:
மு. சுப்பிரமணியம்